மேனேஜரைத் தாண்டி ஒரு சந்திப்பு: ஸ்கிப்-லெவல் மீட்டிங் நடத்தும் முறை

நீங்கள் முதன்முறையாக மேனேஜர்களுக்கு மேனேஜர் ஆகியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நேற்றுவரை 6 பேரின் வேலை உங்கள் கண்ணெதிரே நடந்தது. இன்று 4 மேனேஜர்கள் உங்களிடம் வருகிறார்கள். அவர்களுக்குக் கீழே 24 பேர். அந்த 24 பேர் படும் பாடு நான்கு வாய்களில் வடிகட்டப்பட்டுத்தான் உங்கள் காதுக்கு வருகிறது. இந்த வடிகட்டலைத் தாண்டி, அந்த 24 பேரில் ஒவ்வொருவரையும் அவ்வப்போது நீங்களே நேரில் சந்தித்துப் பேசுவதைத்தான் அலுவலகங்களில் ஸ்கிப்-லெவல் மீட்டிங் என்கிறார்கள்.

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நான் நடத்திய முதல் ஸ்கிப்-லெவல் மீட்டிங்கில், ஓர் இளைஞர் தன் அக்காளின் திருமணத்துக்கு 5 நாள் விடுப்பு கேட்டதாகவும் 3 நாள்தான் கிடைத்ததாகவும் சொன்னார். "ஐந்து நாளும் எடுத்துக்கொள்ளுங்கள், நான் சொல்லிக்கொள்கிறேன்" என்றேன். பெரிய மனுஷத்தனமாக நடந்துகொண்டதாக எனக்குள் ஒரு திருப்தி. அவருடைய மேனேஜருக்குச் செய்தி போனது காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில், அந்த இளைஞரின் வாயாலேயே. அதே வாரத்தில் இன்னொருவருக்கு முன்பே விடுப்பு கொடுத்திருந்ததால்தான் 3 நாளோடு நிறுத்தியிருந்தார் மேனேஜர். நான் அதைக் கேட்கவே இல்லை. அடுத்த மாதத்திலிருந்து விடுப்பு, ஷிஃப்ட் மாற்றம் என எல்லாவற்றுக்கும் ஆட்கள் என் மேசைக்கே வந்தார்கள். ஆறாவது மாதம் அந்த மேனேஜர் வேலையை விட்டுப் போனார்.

அதன் பிறகு நான் கற்றுக்கொண்ட முறையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் மேனேஜரிடம் பேசுங்கள்

இளநிலை ஊழியர்களுக்கு அழைப்பு அனுப்புவதற்கு இரண்டு வாரம் முன்பே, மேனேஜரிடம் நேரில் சொல்லிவிடுங்கள். மின்னஞ்சலில் சொல்லாதீர்கள். தன் தலைக்கு மேலே ஏதோ நடக்கிறது என்ற சந்தேகம் ஒருமுறை நுழைந்துவிட்டால், பிறகு எத்தனை விளக்கம் கொடுத்தாலும் அது போகாது.

அவரிடம் சொல்ல வேண்டியவை அதிகமில்லை. எல்லா மேனேஜர்களின் அணிகளிலும் இதைச் செய்யப் போகிறீர்கள். அவருடைய அணி மட்டும் அல்ல. பெயர் சொல்லாமல், பொதுவாகத் தெரியவரும் விஷயங்களை அவரிடம் கொண்டுவருவீர்கள். அவர் எடுத்த எந்த முடிவையும் அந்த அறையில் மாற்ற மாட்டீர்கள். இவற்றைச் சொன்ன பிறகு ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்கள் அணியிடமிருந்து நான் எதைத் தெரிந்துகொண்டு வந்தால் உங்களுக்கு உதவியாக இருக்கும்?" பல மேனேஜர்களுக்குத் தங்கள் ஆட்களிடம் நேராகக் கேட்கத் தயக்கமான ஒன்றிரண்டு விஷயங்கள் இருக்கும். அவற்றை உங்கள் வழியாகக் கேட்க முடியும் என்று தெரிந்தால், வேவு பார்க்கப்படும் உணர்வு கொஞ்சம் குறையும். முழுதாகப் போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அணிகளின் வரிசையைக் கண்ணுக்குத் தெரியும் ஒரு விதிப்படி வையுங்கள். அகர வரிசை போதும். பிரச்சினை இருப்பதாக நீங்கள் நினைக்கும் அணியிலிருந்து தொடங்கினால், அது சந்திப்பாகத் தெரியாது, விசாரணையாகத்தான் தெரியும். சம்பள உயர்வு முடிவாகும் மாதங்களையும், யாராவது திடீரென்று வேலையை விட்ட வாரத்தையும் தவிர்த்துவிடுங்கள். அப்போது பேசுகிறவர் ஒவ்வொரு சொல்லுக்கும் விலை கணக்குப் போட்டுத்தான் வாயைத் திறப்பார்.

நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். வாரத்துக்கு இரண்டு பேர், ஆளுக்கு அரை மணி. 24 பேரை 12 வாரத்தில் முடித்துவிடலாம். ஐந்தாறு பேரைச் சேர்த்து உட்காரவைத்தால் சீக்கிரம் முடியும்தான். ஆனால் அங்கே வயதில் மூத்தவரோ துணிச்சல்காரரோ ஒருவர் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். வெளியே வந்ததும் யார் என்ன சொன்னார் என்பது மேனேஜருக்குப் போய்விடும் என்று அத்தனை பேருக்கும் தெரியும். அணி மிகப் பெரியதாக இருந்தால் மட்டும் வெவ்வேறு மேனேஜர்களின் ஆட்களைக் கலந்து நால்வர் நால்வராக அழையுங்கள்.

அழைப்பு

மேலதிகாரியின் மேலதிகாரியிடமிருந்து காரணம் எதுவும் சொல்லாமல் அரை மணி நேரச் சந்திப்புக்கு அழைப்பு வந்தால், இரண்டு வருட அனுபவமுள்ள ஒருவருக்கு முதலில் தோன்றுவது 'வேலை போகப் போகிறது' என்பதுதான். அன்றிரவு அவர் தூங்க மாட்டார். ஆகவே காரணத்தை அழைப்பிலேயே எழுதிவிடுங்கள். நான் அனுப்புவது இது:

"வணக்கம். நம் பிரிவில் உள்ள எல்லோரையும் ஒருவர் பின் ஒருவராக அரை மணி நேரம் சந்தித்துப் பேசி வருகிறேன். இந்த மாதம் உங்கள் அணியின் முறை. இது உங்கள் வேலையை மதிப்பிடும் சந்திப்பு அல்ல. அன்றாட வேலையில் எது தடையாக இருக்கிறது, நான் எடுத்த முடிவுகளில் எது புரியவில்லை என்று கேட்கத்தான். எதுவும் தயார் செய்துகொண்டு வர வேண்டாம். உங்கள் மேனேஜருக்கு இது தெரியும். இந்த அழைப்பின் நகல் அவருக்கும் போகிறது."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். 'மேனேஜரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டுமா, சொல்லாமல் போக வேண்டுமா' என்ற தவிப்பை அந்த ஒரு வரி தீர்த்துவிடுகிறது.

இடம் பற்றி ஒரு சொல். மேனேஜரின் இருக்கைக்கு எதிரே இருக்கும் கண்ணாடி அறை வேண்டாம். உள்ளே இருப்பவரின் முகம் வெளியே தெரியும். 40 நிமிடம் ஆனது என்பதும் தெரியும். வேறு தளத்தில் ஓர் அறை, அல்லது கூட்டம் குறைந்த நேரத்தில் கேன்டீன். மடிக்கணினியைத் திறக்காதீர்கள். குறிப்பு எடுப்பதாக இருந்தால் ஒரு சிறு நோட்டை வைத்துக்கொண்டு, அனுமதி கேட்டுவிட்டு எழுதுங்கள்.

முதல் ஐந்து நிமிடம்

ஊர், படிப்பு, அலுவலகத்துக்கு எப்படி வருகிறீர்கள் என்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு, விதிகளைச் சொல்லிவிடுங்கள். எல்லாவற்றையும் ரகசியமாக வைப்பேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அது உங்களால் காப்பாற்ற முடியாத வாக்கு. நான் சொல்வது ஏறக்குறைய இப்படி இருக்கும்: "நீங்கள் சொல்வதை உங்கள் பெயரோடு யாரிடமும் சொல்ல மாட்டேன். பலரிடமும் கேட்டதைத் தொகுத்து, பொதுவாகத்தான் உங்கள் மேனேஜரிடம் பேசுவேன். அவர் எடுத்த முடிவை நான் இங்கே மாற்ற மாட்டேன். ஆனால் யாராவது துன்புறுத்தப்படுவதாகவோ, பணமோசடி நடப்பதாகவோ, ஒருவரின் பாதுகாப்புக்கு ஆபத்து இருப்பதாகவோ சொன்னால், அதை என்னோடு வைத்துக்கொள்ள முடியாது. அதற்கென்று இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோயாக வேண்டும். போவதற்கு முன் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் போவேன்."

இது சம்பிரதாயம் அல்ல. பாலியல் துன்புறுத்தலையே எடுத்துக்கொள்ளுங்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் அத்தகைய புகார்களை விசாரிக்க ஓர் உள்ளகக் குழு இருக்க வேண்டும். பாதிக்கப்பட்ட பெண் சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்துமூலம் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் வரை குழு நீட்டிக்கலாம். கனிவோடு கேட்டுவிட்டு 'பார்க்கலாம்' என்று நீங்கள் வைத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் அந்தக் கெடுவிலிருந்துதான் கழிகிறது. நீங்களே இரண்டு பேரைக் கூப்பிட்டு விசாரிக்கவும் கிளம்பாதீர்கள். குழு எங்கே இருக்கிறது, எப்படி எழுத வேண்டும் என்று அந்த அறையிலேயே சொல்லி, எழுதுவதற்கு உதவி வேண்டுமா என்று கேளுங்கள்.

எதைக் கேட்பது

"உங்கள் மேனேஜர் எப்படி?" என்று கேட்கவே கேட்காதீர்கள். பதில் இரண்டே வகைதான். 'ரொம்ப நல்லவர் சார்' என்பது ஒன்று. அதனால் உங்களுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. மற்றது குற்றச்சாட்டு. ஆளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும்படி நீங்களே அவரைக் கூண்டில் ஏற்றியிருக்கிறீர்கள். வெளியே போனதும் 'ஏன் சொன்னோம்' என்று அவர் நொந்துகொள்வார்.

வேலையைப் பற்றிக் கேளுங்கள். குறிப்பாக, நடந்து முடிந்த ஒரு நாளைப் பற்றி. "சென்ற வாரம் எதற்காக அதிக நேரம் காத்திருந்தீர்கள்?" "ஒருமுறை செய்து முடித்ததை எப்போது மறுபடியும் செய்ய வேண்டி வந்தது?" "நான் எடுத்த முடிவுகளில் எது உங்களுக்கு அர்த்தமில்லாததாகத் தோன்றியது?" மூன்றாவது கேள்வியில் குறை சொல்லப்படும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள், மேனேஜர் இல்லை. அதைக் கேட்டுவிட்டு முகம் சுளிக்காமல் இருந்துகாட்டினால், அடுத்த பத்து நிமிடத்தில் மற்றவை தானாக வரும். "உங்கள் அணியில் நன்றாக நடக்கும் எதை நான் தெரியாமல் கெடுத்துவிடக் கூடாது?" என்பதையும் நான் தவறாமல் கேட்பேன். மேனேஜரிடம் திரும்பிப் போகும்போது கையில் கொண்டுபோக நல்ல செய்தி அதிலிருந்துதான் கிடைக்கும்.

"எல்லாம் நன்றாகப் போகிறது சார்" என்ற பதில் பெரும்பாலும் முதலில் வரும். உடனே அடுத்த கேள்விக்குத் தாவாமல் மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள். அந்த மௌனத்தைப் பெரும்பாலானவர்கள் தாங்க மாட்டார்கள். எதிரில் இருப்பவர் தாங்கிவிட்டால், விட்டுவிடுங்கள். முதல் சந்திப்பிலேயே மனம் திறக்க வேண்டும் என்று யாருக்கும் கட்டாயம் இல்லை.

மேனேஜரைப் பற்றிக் குறை வந்தால்

நீங்கள் கேட்காவிட்டாலும் வரும். அப்போது உங்கள் முகமும் நாக்கும்தான் பிரச்சினை. "அப்படியா செய்தார்?" என்று வியந்தால் நீங்கள் கட்சி சேர்ந்துவிட்டீர்கள். "அவருக்கு வேலைப்பளு அதிகம்" என்று தாங்கிப் பேசினால், சொன்னவர் அத்துடன் வாயை மூடிக்கொள்வார்.

நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லச் சொல்லுங்கள். 'எப்போதும் என்னை ஓரங்கட்டுகிறார்' என்பதை வைத்து எதுவும் செய்ய முடியாது. 'சென்ற மாதம் நான் எழுதிய வடிவமைப்பை அவரே வாடிக்கையாளரிடம் விளக்கினார், என்னை அழைக்கவில்லை' என்பதை வைத்துச் செய்ய முடியும். அடுத்து, "இதை அவரிடம் சொல்லியிருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். குரலில் கண்டிப்பு வேண்டாம். பாதிப் பேர் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்களுக்கு நீங்கள் செய்யக்கூடிய உதவி, மேனேஜரிடம் அதை எப்படிச் சொல்வது என்று கூட உட்கார்ந்து யோசிப்பதுதான். "அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தால் வாடிக்கையாளரின் கேள்விகளை நேரில் கேட்டுக்கொள்வேன், அடுத்த முறை வரலாமா?" என்பது போன்ற ஒரு வாக்கியத்தைப் பலருக்கும் யாரும் இதுவரை சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். சொல்லியும் பலன் இல்லை என்பவருக்கு, "கேட்டுக்கொண்டேன். இது ஒருவருக்கு மட்டும் நடப்பதா, பலருக்கும் நடப்பதா என்று பார்க்க வேண்டும்" என்பதற்கு மேல் எதுவும் சொல்லாதீர்கள்.

விடுப்பு, ஷிஃப்ட், வேலைப் பங்கீடு எதிலும் அங்கேயே கை வைக்காதீர்கள். என் கதையை மேலே சொல்லிவிட்டேன்.

ஒரு வியாழக்கிழமையின் கதை

கேட்டதை என்ன செய்வது என்பதைப் பின்னால் நடந்த ஒரு நிகழ்வைக் கொண்டே சொல்கிறேன். ஆறு பேர் கொண்ட ஓர் அணி. வாடிக்கையாளரின் கட்டண மென்பொருளைப் பராமரிப்பவர்கள். முதலில் வந்த பெண் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆனவர். "வெள்ளிக்கிழமை என்றாலே பயமாக இருக்கிறது" என்றார். என்ன நடக்கும் என்று கேட்டேன். வாரத்தின் மாற்றங்கள் எல்லாம் வியாழன் இரவில் ஒரே மூச்சில் ஏற்றப்படுகின்றன. இரண்டு பேர் விடியற்காலை 2 மணிவரை இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை முழுவதும் உடைந்ததைச் சரிசெய்வதில் போகிறது. "மேனேஜருக்கு எண்ணிக்கைதான் முக்கியம் சார்" என்று கடைசியில் சொல்லிவிட்டு, சொன்னதற்காகப் பயந்துபோனார்.

நான் மேனேஜரிடம் ஓடவில்லை. அன்று என்னைச் சந்தித்தது அந்தப் பெண் ஒருவர்தான். மறுநாள் நான் வியாழன் இரவைப் பற்றிப் பேசினால் யார் சொன்னது என்பது சின்னக் குழந்தைக்கும் தெரிந்துவிடும். ஆறு பேரையும் சந்தித்து முடிக்க மூன்று வாரம் ஆனது. ஆறில் ஐந்து பேர், வெவ்வேறு வார்த்தைகளில், வியாழன் இரவைச் சொன்னார்கள். ஒவ்வொரு சந்திப்பு முடிந்த அன்றே நான் எழுதிய குறிப்பில் பெயர் இல்லை, 'ஒன்றரை வருட அனுபவம்' என்பது இல்லை, 'பயம்' என்ற சொல்கூட இல்லை. ஆறு பேர் உள்ள அணியில் ஒருவரின் சொல்வழக்கே அவருடைய கையெழுத்து.

பிறகு மேனேஜரிடம் உட்கார்ந்தேன். முதலில் அணி பாராட்டியதைச் சொன்னேன்: புதிதாக வருபவர்களுக்கு முதல் மாதம் அவரே கூட உட்கார்ந்து கற்றுக்கொடுப்பதைப் பலரும் சொல்லியிருந்தார்கள். அடுத்து, "வியாழன் இரவு ஏற்றும் வேலை பலருக்கும் பாரமாக இருக்கிறது. ஏன் வியாழன் என்று எனக்குப் புரியவில்லை, சொல்லுங்கள்" என்று கேட்டேன். 'நீங்கள் ஏன் அப்படிச் செய்கிறீர்கள்' என்று கேட்கவில்லை. அவர் ஒரு கணம் என்னையே பார்த்தார். "வெள்ளி மதியம் 12 மணிக்கு நீங்கள் கேட்கும் அறிக்கைக்காகத்தான்" என்றார்.

உண்மை. அந்த வாரத்தில் முடிந்த மாற்றங்களின் எண்ணிக்கையை வெள்ளி மதியத்துக்குள் நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். வியாழன் இரவுக்குள் ஏற்றாதது கணக்கில் வராது. இதை அவர் முன்பே ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார். நான் காதில் வாங்கவில்லை. மறுவாரத்திலிருந்து அறிக்கையைச் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றினேன். மாற்றங்களைப் பகலில், பகுதி பகுதியாக ஏற்றலாம் என்றும் முடிவானது. அந்த அறிவிப்பை அணியிடம் செய்தவர் மேனேஜர். நான் அந்தக் கூட்டத்துக்கே போகவில்லை. 'அவர் மேலே போராடி வாங்கித்தந்தார்' என்று அணி நினைத்துக்கொண்டது. அது பொய்யும் அல்ல.

பேசினால் ஏதாவது நடக்கும் என்று ஊழியர்களுக்குத் தெரிய வேண்டும்; அது மேனேஜரின் கை வழியாக நடக்க வேண்டும். இதற்காக, உங்கள் கைக்குள் இருக்கும் சிறிய விஷயம் ஒன்றையாவது, அணியைச் சந்தித்து முடித்த இரண்டு வாரத்துக்குள் சரிசெய்யுங்கள். செய்ய முடியாததை 'முடியாது, காரணம் இது' என்று சொல்லிவிடுங்கள். கேட்டுவிட்டு எதையும் செய்யாமல் இருந்தால், அடுத்த சுற்றில் 24 பேரும் 'எல்லாம் நன்றாகப் போகிறது சார்' என்பார்கள்.

கோணலாகப் போவதை எப்படிக் கண்டுபிடிப்பது

ஒரே வாரத்தில் இரண்டு பேர் ஒரே சொற்றொடரில் ஒரே பாராட்டைச் சொன்னால், மேனேஜர் முன்கூட்டியே வகுப்பு எடுத்திருக்கிறார். சந்திப்பு முடிந்து வெளியே வருபவரிடம் 'என்ன கேட்டார், என்ன சொன்னாய்?' என்று விசாரிப்பதாகத் தெரிந்தால், அவரைத் தனியே அழைத்து அதை நேராகப் பேசிவிடுங்கள். பெரும்பாலும் அது பயம்தான், பழிவாங்கும் எண்ணம் அல்ல. ஆனாலும் அடுத்த சில மாதங்களின் ஷிஃப்ட் பட்டியலையும் வருட மதிப்பீட்டையும் ஒரு கண் பாருங்கள். மனம் திறந்து பேசிய ஒருவருக்குத் திடீரென்று இரவு ஷிஃப்ட் கூடியிருந்தால், காரணம் கேட்பது உங்கள் கடமை.

எதிர்ப்பக்கமும் உண்டு. சந்திப்புக்குப் பிறகு ஊழியர்கள் மேனேஜரை விட்டுவிட்டு உங்களுக்கே நேராக எழுதத் தொடங்கினால், தவறு உங்களுடையது. எங்கேயோ நீங்கள் தீர்ப்பு வழங்கியிருக்கிறீர்கள். ஒவ்வொன்றுக்கும் "இதை உங்கள் மேனேஜரிடம் பேசினீர்களா?" என்று மட்டும் பதில் எழுதுங்கள். இரண்டு மாதத்தில் நின்றுவிடும்.

எந்த அணியிலிருந்து அதிகக் குறைகள் வருகின்றனவோ அந்த மேனேஜர் மோசமானவர் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். 1990களில் ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தார். நல்ல தலைமை உள்ள பிரிவுகளில்தான் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே தவறு அதிகம் நடந்தது என்று அதற்குப் பொருள் இல்லை. நடந்ததைச் சொல்ல அங்கே பயம் இருக்கவில்லை என்பதே அவர் கண்ட விளக்கம். உங்கள் நான்கு அணிகளில் எதிலிருந்து ஒரு முணுமுணுப்பும் வரவில்லையோ, அங்கே அடுத்த முறை கூடுதலாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

இரண்டாம் சுற்றை ஆறு மாதம் கழித்து வையுங்கள். முதல் கேள்வியாக, "சென்ற முறை நீங்கள் என்னோடு பேசியதால் உங்களுக்கு ஏதாவது சிக்கல் வந்ததா?" என்று கேட்டுவிட்டு, பழைய குறிப்புநோட்டைத் திறக்காமல் காத்திருங்கள்.